டேலி கேட்கும் இன்டர்வியூவுக்கு நாலே நாள்: வீடியோவா, ஆடிட்டர் ஆபீஸா, டம்மி கம்பெனியா?

பி.காம் முடித்தவர், கணக்கு தெரியும், எக்செல் தெரியும். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "டேலி கட்டாயம்" என்று போட்டிருக்கிறது. கையில் இருப்பது நான்கு நாள். இந்த நிலையில் எல்லோர் முன்னாலும் மூன்று வழி இருக்கிறது. யூடியூபில் ஒரு தொடரை உட்கார்ந்து பார்த்து முடிப்பது, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்கார்வது, அல்லது டேலியை இறக்கி நாமே ஒரு டம்மி கம்பெனி போட்டுப் பழகுவது.

வீடியோவில் மெனுக்கள் எங்கே இருக்கின்றன என்று அரை நாளில் பிடிபடும். அதற்கு மேல் பார்ப்பது பெரும்பாலும் வீண், ஏனென்றால் சொல்லிக் கொடுப்பவர் தப்பே செய்யாமல் போடுகிறார். பழைய வீடியோவில் மாட்டினால் இன்னொரு சிக்கலும் உண்டு. TallyPrime வந்தது 2020 நவம்பரில். அதற்கு முந்தைய Tally.ERP 9 பாடங்கள் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. F5 பேமென்ட், F8 சேல்ஸ், F9 பர்ச்சேஸ் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கிரெடிட் நோட்டுக்கு அங்கே Ctrl+F8, பிரைமில் Alt+F6. இன்டர்வியூவில் சிஸ்டம் முன்னால் உட்கார வைத்து "ஒரு சேல்ஸ் ரிட்டர்ன் போடுங்க" என்றால் பழைய கீயைத் தட்டிக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

ஆடிட்டர் ஆபீஸ் வழியின் பலம், நிஜ டேட்டா எவ்வளவு அலங்கோலமாக இருக்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பது. ஒரே பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர், சஸ்பென்ஸில் தேங்கிய தொகை, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் போகாத பதிவுகள் என்று எல்லாம் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் உங்களைக் கை வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் நடக்கும். ஆகவே இதற்கு ஒரு மாலை போதும். அதையும் பேங்க் ரீகன்சிலியேஷன் பார்ப்பதற்கு என்று வைத்துக்கொண்டால் நல்லது, அது வீட்டில் பழகக் கடினமான பகுதி.

மீதி நேரம் முழுக்க டம்மி கம்பெனிக்குத்தான். லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. எஜுகேஷனல் மோட் இலவசம். ஒரே கட்டுப்பாடு, எல்லாத் தேதிக்கும் வவுச்சர் போட முடியாது. மே மாதம் என்றால் 1, 2, 31 ஆகிய மூன்று தேதிகள்தான். பழகுவதற்கு இது தாராளம்.

பத்து வகை வவுச்சரைத் தொட்டுப் பார்ப்பதை விட ஒரே சரக்கை வாங்கி, விற்று, திரும்பி வருவதை எடுத்துக்கொண்டு, பணம் வசூலிப்பது வரை கொண்டுபோவது மேல். சென்னையில் ஒரு கடை என்று கம்பெனி உருவாக்கி, F11-இல் ஜிஎஸ்டியை இயக்குங்கள். சரக்கு பிரிண்டர், வரி 18%. மே 1-இல் கொச்சி சப்ளையரிடம் 5 பிரிண்டர், ஒன்று 8,000 ரூபாய்: சரக்கு 40,000, ஐஜிஎஸ்டி 7,200, பில் 47,200. மே 2-இல் கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்கு 2 பிரிண்டர், ஒன்று 10,000: சரக்கு 20,000, சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800, பில் 23,600. மே 31-இல் ஒன்று திரும்பி வருகிறது, 11,800-க்கு கிரெடிட் நோட். அன்றே மீதி 11,800 பேங்கில் வரவு, F6 ரிசீட்.

எல்லாம் சரியாகப் போட்டிருந்தால் வாடிக்கையாளர் லெட்ஜர் பூஜ்யத்தில் நிற்கும், ஸ்டாக் சம்மரியில் 4 பிரிண்டர் இருக்கும். விற்பனை வரி, ரிட்டர்ன் கழித்து, 900 + 900. கையில் உள்ள ஐஜிஎஸ்டி கிரெடிட் 7,200. அதில் 1,800 கழித்துக்கொண்டால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, 5,400 மீதி நிற்கும். "இந்த மாசம் எவ்வளவு ஜிஎஸ்டி கட்டணும்?" என்ற கேள்விக்கு இந்தச் சின்னக் கணக்கே பதில் சொல்ல வைக்கும்.

முதல் தடவை போடும்போது பெரும்பாலும் வரித் தொகை வராது. இங்கேதான் உண்மையான பாடம் இருக்கிறது. மூன்று இடம் பாருங்கள். வரி லெட்ஜரை Duties & Taxes-க்குக் கீழே போட்டுவிட்டு, Type of Duty/Tax-இல் GST தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கலாம். ஸ்டாக் ஐட்டத்தில் 18% கொடுக்காமல் இருக்கலாம். அல்லது பார்ட்டி லெட்ஜரில் State தப்பு: கோயம்புத்தூர்க்காரருக்குக் கேரளா என்று இருந்தால் சிஜிஎஸ்டி லெட்ஜர் சும்மா நிற்கும். (நிஜ பில்லில் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும், தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32.) பலர் பொறுமை இழந்து தொகையைக் கையால் அடித்துவிடுகிறார்கள். பில் பார்க்கச் சரியாக இருக்கும். GSTR-1 ரிப்போர்ட்டைத் திறந்தால் அந்த வவுச்சர் Uncertain Transactions-இல் போய் உட்கார்ந்திருக்கும். வேண்டுமென்றே State-ஐ மாற்றி ஒரு தடவை இதைப் பாருங்கள். வீடியோ பார்த்தவருக்கும் கை வைத்தவருக்கும் உள்ள வித்தியாசம் "வரி ஏன் வரல?" என்ற கேள்வியில் தெரிந்துவிடும்.

அடுத்தது பேச்சு. "டேலியில எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டதும் வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. "நல்லாத் தெரியும் சார்" என்பது ஒன்று. அடுத்த கேள்வியே "முன்னாடி கம்பெனியில தினம் எத்தனை வவுச்சர் போடுவீங்க, யார் செக் பண்ணுவாங்க?" என்று வரும், அங்கே தடுக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். "சும்மா பேசிக் மட்டும்தான் மேடம்" என்பது இன்னொன்று. பணிவாகத் தோன்றினாலும் இதில் தகவலே இல்லை. கேட்பவர் அதை ஒன்றும் தெரியாது என்றே எடுத்துக்கொள்வார்.

எங்கே பழகினோம், எதுவரை செய்தோம், எது செய்ததில்லை என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இரண்டையும் விட உதவும்:

"ஆபீஸ்ல லைவ் டேட்டா போட்டதில்ல சார். எஜுகேஷனல் மோட்ல ஒரு கம்பெனி போட்டு, ஜிஎஸ்டியோட பர்ச்சேஸ், சேல்ஸ், கிரெடிட் நோட், ரிசீட் வரைக்கும் பண்ணியிருக்கேன். பேங்க் ரீகன்சிலியேஷன் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன், நானா பண்ணதில்ல. ரிட்டர்ன் ஃபைல் பண்ணதில்ல."

இதைச் சொல்லும்போது "ஆனா சீக்கிரம் கத்துக்குவேன்" என்று வால் சேர்க்க வேண்டாம். எல்லோரும் சொல்வது அது. அதற்குப் பதில் "வரி வராம நின்னா எங்க பாக்கணும்னு தெரியும்" என்று சொன்னால் கேட்பவர் அங்கேயே நூல் பிடித்துக் கேட்பார், பேச்சு உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு வரும். செய்யாத வேலையைப் பற்றித் தோண்டினால், கணக்கியல் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம்: செக் கொடுத்து இன்னும் பேங்கில் போகாதது, பேங்க் பிடித்த சார்ஜ் நம் புத்தகத்தில் ஏறாதது என்று ரீகன்சிலியேஷனில் எவை வித்தியாசம் காட்டும் என்பது டேலி தெரியாமலே சொல்லக்கூடியதுதான்.

ரெஸ்யூமேயிலும் அதே அளவுதான். "டேலி எக்ஸ்பர்ட்" என்றோ ஐந்துக்கு நான்கு ஸ்டார் என்றோ போடாமல், "TallyPrime: பயிற்சி அளவில், ஜிஎஸ்டி வவுச்சர்கள் வரை" என்று ஒரு வரி. முதல் நாளே தனியாக ரிட்டர்ன் ஃபைல் செய்ய ஆள் தேடும் இடமாக இருந்தால் இந்த வரியைப் பார்த்தே கூப்பிடமாட்டார்கள். பில் என்ட்ரிக்கு ஆள் எடுத்து, மேலே ஒரு சீனியர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இது போதும்.