பைபேக்கா, மூலதனக் குறைப்பா: ஒரு பங்குதாரரை வெளியே அனுப்ப இரண்டு வழிகள்

கோவையில் பம்ப் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பங்கு மூலதனம் 4 கோடி, அதாவது 10 ரூபாய் பங்குகள் 40 லட்சம். ஃப்ரீ ரிசர்வ், அதாவது டிவிடெண்டாகக் கொடுக்கக்கூடிய சேர்த்து வைத்த லாபம், 16 கோடி. பேங்க் கடன் 30 கோடி. 12 லட்சம் பங்கு வைத்திருக்கும் ஒருவர் விலக நினைக்கிறார், பங்குக்கு 50 ரூபாய் என்று பேசியாகிவிட்டது, ஆக 6 கோடி வேண்டும். கம்பெனியே அந்தப் பணத்தைக் கொடுக்க 2013 கம்பெனிச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது: கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கும் பிரிவு 68-இன் பைபேக், டிரிப்யூனல் ஒப்புதலோடு பங்கு மூலதனத்தையே குறைக்கும் பிரிவு 66-இன் மூலதனக் குறைப்பு.

எல்லோரும் முதலில் பைபேக்கைத்தான் கேட்பார்கள். கோர்ட், டிரிப்யூனல் எதுவும் கிடையாது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் போதும், சின்னத் தொகை என்றால் போர்டே முடிவெடுக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த 20 கோடியில் 25 சதவீதம், அதாவது 5 கோடிக்கு மேல் போகக் கூடாது. ஒரு நிதியாண்டில் ஈக்விட்டி மூலதனத்தில் 25 சதவீதத்துக்கு மேலும் வாங்கக் கூடாது, அது 10 லட்சம் பங்கு. எப்படிப் பார்த்தாலும் 12 லட்சம் நடக்காது. இன்னொன்று, அவரிடம் மட்டும் கேட்டு வாங்க முடியாது, எல்லாப் பங்குதாரர்களுக்கும் விகிதப்படி ஆஃபர் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கினால்தான் வேலை நடக்கும்.

சரி, 5 கோடிக்கு 10 லட்சம் பங்காவது வாங்கலாமா? பைபேக்குக்குப் பிறகு கடன், மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேர்ந்த தொகையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. 20-இல் 5 போனால் 15, கடன் 30, சரியாக இரண்டு மடங்கு, பாஸ் என்று தோன்றும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒழித்த பங்குகளின் முகமதிப்பு 1 கோடியை ஃப்ரீ ரிசர்விலிருந்து எடுத்து மூலதன மீட்பு ரிசர்வில் போட்டாக வேண்டும், அது ஃப்ரீ ரிசர்வ் கணக்கில் வராது. மிச்சம் 14 கோடிதான், விகிதம் 2.14, ஃபெயில். அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றால் சுமார் 4.16 கோடிக்கு 8.33 லட்சம் பங்குதான் வாங்க முடியும்.

அந்த 1 கோடியை ஏன் பூட்டி வைக்கிறார்கள்? பங்கு மூலதனம் 4-இலிருந்து 3 கோடியாகக் குறைகிறது. 4 கோடி உள்ளேயே கிடக்கும் என்று நம்பித்தான் பேங்கும், கடனுக்கு வார்ப்படம் கொடுத்தவரும் இருக்கிறார்கள். குறைந்த 1 கோடியை மீட்பு ரிசர்வில் போட்டுவிட்டால் டிவிடெண்டாக எடுக்க முடியாது, போனஸ் பங்கு கொடுக்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் திரும்ப மூலதனமாகத்தான் ஆகும். ஆக அவர்கள் நம்பிய 4 கோடி அப்படியே நிற்கிறது.

இந்த எண்ணம் பழையது. 1887-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை டிரெவர் எதிர் விட்வொர்த் வழக்கில், கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கக் கூடாது என்றது. கம்பெனி மூழ்கிய பிறகு, இறந்துபோன ஒரு பங்குதாரரின் உயிலை நிறைவேற்றியவர்கள், முன்பு கம்பெனிக்கே விற்ற பங்குகளின் பாக்கி விலையைக் கடன் கொடுத்தவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. மூழ்கினால் பங்குதாரர் கடைசியில்தானே வர வேண்டும்; முன்கூட்டியே பணத்தை எடுத்துக்கொண்டு போனால் அந்த வரிசை தலைகீழாகிறது. இந்தியாவில் பைபேக்குக்குக் கதவு திறந்ததே 1998-இல்தான்.

பைபேக்கில் கடன் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இத்தனை வரம்பு. ஒரு வருஷத்துக்குள் திவாலாக மாட்டோம் என்று இயக்குநர்கள் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். இந்த வரம்புகள் அதிகம் என்று என் துறையிலேயே பலர் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. பேங்காவது கடன் ஒப்பந்தத்தில் தடை போட்டுக்கொள்ளும், வார்ப்படக்காரருக்கு இதை விட்டால் வேறு காவல் கிடையாது.

மூலதனக் குறைப்பில் 25 சதவீதமும் இல்லை, இரண்டு மடங்கும் இல்லை, ஒரே பங்குதாரரை மட்டும் அனுப்பவும் டிரிப்யூனல் ஒப்புக்கொள்ளலாம். 6 கோடியும் முடியும். அதற்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர்களையே நேரில் கேட்கிறார்கள். தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு, அதோடு கடன் கொடுத்தவர்களின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ். மூன்று மாதம் டைம், பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கடனும் தீர்க்கப்பட்டதா, ஈடு கொடுக்கப்பட்டதா, இல்லை அவர் சம்மதித்தாரா என்று பார்த்துத்தான் ஒப்புதல்.

இந்த பம்ப் கம்பெனிக்கு நான் பிரிவு 66-ஐத்தான் சொல்வேன், ஆனால் முதலில் பேங்கிடம் உட்கார்ந்து பேசி எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு. 30 கோடி கொடுத்தவர் எதிர்த்தால் அவர் கடனைத் தீர்த்தோ ஈடு கொடுத்தோதான் நகர முடியும். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் பாக்கி வைத்திருந்தால் இந்த வழியே கிடையாது. பைபேக்கில் அந்தத் தவறைச் சரிசெய்து மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

பட்டியல் தயாரிக்கும்போது சின்ன சப்ளையரை விட்டுவிடாதீர்கள். விவரம் தெரியாமல் விடுபட்ட ஒருவருக்குக் கம்பெனியால் கொடுக்க முடியாமல் போனால், பிரிவு 66(8)-இன்படி குறைப்பு பதிவான தேதியில் பங்குதாரராக இருந்தவர்களிடமே கேட்கலாம். தெரிந்தே மறைத்த அதிகாரிக்கு மோசடிக்கான பிரிவு 447 வரும்.