மேட்ச் அனுப்பியதை நண்பரிடம் காட்டலாமா: முழு ஸ்கிரீன்ஷாட், மறைத்த படம், வாய்ச்சொல்

டேட்டிங் ஆப்பில் பழகும் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அப்பாவுக்கு மறுபடியும் டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு. இந்த வாரம் சரியா பேச முடியாது, தப்பா நினைக்காதீங்க." நிஜமாகவே நெருக்கடியா, நாசூக்காக விலகுகிறாரா? நண்பரிடம் கேட்கத் தோன்றும்.

முழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நல்ல ஆலோசனை கிடைக்கும். தொனி, பதில் வந்த நேரம், அதற்கு முன் நீங்கள் எழுதியது எல்லாமே அதில் இருக்கும். ஆனால் உங்களை நம்பிச் சொன்ன அப்பாவின் நோயும் பெயரோடும் முகத்தோடும் போய்விடுகிறது. குரூப்பில் போட்டால் இன்னும் மோசம். படம் சிலரது கேலரியில் தானாகவே சேமிப்பாகிவிடும். பிறகு 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்தாலும் அந்தப் பிரதி அங்கேயே இருக்கலாம்.

பெயரை மறைத்து அனுப்புவது பாதுகாப்பான நடுவழி என்று பலர் நினைக்கிறார்கள். ஹைலைட்டர் பேனாவால் கறுப்படித்தால் அடியிலுள்ள எழுத்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடி, அந்தப் படத்தையே இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். மேற்கோள் காட்டிய பதிலுக்குள்ளும் பெயர் இருக்கும், அதையும் பாருங்கள். வெட்டுவதையும் கண்மூடி நம்ப முடியாது: பிக்சல் போன்களின் மார்க்அப் கருவியில், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கிவிடும் குறை 2023-இல் வெளிவந்தது. இத்தனை செய்தாலும் 'டயாலிசிஸ்' என்ற ஒரு சொல் போதும், இருவரையும் அறிந்த நண்பர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் இங்கே வாய்ச்சொல்தான் சரி. அதன் குறை, நமக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவோம்; பதில் வராமல் வரிசையாக மூன்று மெசேஜ் தட்டியதை விட்டுவிடுவோம். அதற்கு வழி, உங்கள் வரிகளை நேரத்தோடு அப்படியே கொடுத்து, அவருடையதை மட்டும் சுருக்குவது:

"வீட்டுல ஒரு கஷ்டம், ஒரு வாரம் பேச முடியாதுன்னு சொல்றாங்க. நேத்து ராத்திரி 9 மணியில இருந்து நான் மூணு மெசேஜ் போட்டிருந்தேன். இப்போ இப்படி எழுதலாமா: 'வீட்டைப் பாருங்க, பதில் போடலைன்னாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு நானே கேக்குறேன்.' இது தொந்தரவு பண்ற மாதிரி இருக்கா?"

நண்பருக்கு இதுவே போதும். அவர் திருத்த வேண்டியது உங்கள் பதிலை. அப்பாவின் நோய் அதற்குத் தேவையே இல்லை.

சந்திக்கும் இடம், நேரம் பற்றிய பேச்சுக்கு மறைத்த படம் போதும். உடல்நலம், குடும்பம், பணம், பழைய உறவு, அந்தரங்கப் படம் என்றால் மறைத்தும் அனுப்பக்கூடாது.

மிரட்டலோ பணம் பறிக்கும் முயற்சியோ வந்தால் கணக்கே வேறு. அங்கே முழு ஸ்கிரீன்ஷாட்தான் வேண்டும்: எதையும் வெட்டாமல், ப்ரொஃபைல் பெயர், தேதி, நேரத்தோடு எடுத்து, நம்பகமான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பிளாக் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பல ஆப்களில் மேட்ச் நீங்கியதும் உரையாடலும் மறைந்துவிடும்.