அற்புதத்துக்குச் சாட்சி போதுமா: ஹியூமும் பாபேஜும்

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748-இல் வைத்த வாதம் இது: இறந்தவர் எழுந்ததில்லை என்பது எல்லா மனிதரின் அனுபவம். எழுந்தார் என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, சொன்னவர் ஏமாந்திருக்க அல்லது ஏமாற்ற வாய்ப்பு அதிகமா? இரண்டாவதுதான் என்றார்.

1837-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் கணக்கோடு மறுத்தார். அவர் வழியில் நாமே போட்டுப் பார்க்கலாம். அற்புதம் நடக்க லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். சாட்சி ஒவ்வொருவரும் நூற்றுக்கு ஒரு முறைதான் தவறுவார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் வாய்ப்பு விகிதம் 99 மடங்கு உயரும். ஆறு பேர் சொன்னாலும் சமநிலைக்குச் சற்றுக் குறைகிறது. ஏழாமவர் வந்ததும் தராசு அற்புதத்தின் பக்கம் சுமார் 93-க்கு 1 என்று சாய்கிறது. கணக்கில் பிழையில்லை.

ஆனால் இந்தப் பெருக்கல், ஒருவர் தவறுவது மற்றவரைத் தொடாதபோது மட்டுமே செல்லும். பாரிஸில் 1727-இல் இறந்த பிரான்சுவா த பாரிஸ் என்ற திருச்சபைத் தொண்டரின் கல்லறையில் நோய்கள் குணமாவதாகக் கூட்டம் சேர்ந்தது. 1732-இல் அந்த இடுகாட்டையே அரசு மூடியது. சாட்சிகள் ஏராளம், மதிப்புள்ளவர்களும் உண்டு என்று ஹியூமே ஒப்புக்கொள்கிறார். ஆனால் எல்லோரும் ஒரே கூட்டத்தில், ஒரே எதிர்பார்ப்போடு நின்றவர்கள். ஒரே காரணத்தால் ஆயிரம் பேர் ஏமாறலாம் என்றால், அந்த ஆயிரம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதனால் கொள்கையளவில் பாபேஜ் சொல்வதே சரி. சாட்சியம் அனுபவத்தை வெல்ல முடியும். ஆனால் ஒரு செய்தி கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, சாட்சிகள் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே சொன்னார்களா என்பதைத்தான்.