கேமுக்குத் தனி சிம் என்று சொல்லி விற்றதை நம்பி ஏமாந்தேன்

இரண்டு சிம் போடும் போனில் கேமுக்கு எந்த சிம்மைப் பயன்படுத்துவது என்று யோசிப்பவர்கள், கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் முதல் சிம் அலுவலக எண். அது மாதம் 30 ஜி.பி. டேட்டா தரும் போஸ்ட்பெய்டு இணைப்பு. அந்த அளவைத் தாண்டினால் ஒரு எம்.பி.க்கு 2 பைசா கட்டணம். வீட்டில் வைஃபை கிடையாது. இரவில் நண்பர்களுடன் பிஜிஎம்ஐ ஆடுவதால் மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற கவலை எப்போதும் இருந்தது. அதனால் கோவையில் நான் வழக்கமாகப் போகும் ஒரு மொபைல் கடையில், தினம் 2 ஜி.பி. தரும் ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கினேன். ரீசார்ஜ் தொகை போக, 'கேமிங் செட்டிங்' என்று சொல்லி 300 ரூபாயும் தனியாக வாங்கிக்கொண்டார்கள். "கேம் மட்டும் இந்த சிம்மில் ஓடும், மற்றதெல்லாம் பழைய சிம்மிலேயே ஓடும், கால் வந்தாலும் ஆட்டம் நிற்காது" என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அந்த வாக்குறுதியில் எதுவுமே உண்மையில்லை என்று தெரிய எனக்கு ஒரு மாதமும் ஒரு பில்லும் ஆயின.

முதலில், என் போனைப் போன்ற சாதாரண ஆண்ட்ராய்டு போன்களில் செயலிவாரியாக சிம்மைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது. டேட்டாவுக்கு என்று ஒரு சிம்மைக் குறித்தால் முழு போனும் அதில்தான் ஓடும். கேமும் வாட்ஸப்பும் புகைப்படச் சேமிப்பும் எல்லாம் ஒரே வழியில்தான் போகும். கடைக்காரர் செய்ததெல்லாம் `Mobile data` என்ற இடத்தில் இரண்டாவது சிம்மைத் தொட்டதுதான். அதைச் செய்ய ஐந்து விநாடி போதும்.

அன்றிரவே அடுத்த சிக்கல் வந்தது. ஆட்டத்தின் நடுவில் அலுவலக எண்ணுக்கு அழைப்பு வந்தது. நான் எடுத்த உடனே திரையில் இருந்த பிங் எண் தாறுமாறாக ஏறி, ஆட்டம் உறைந்து, 'மீண்டும் இணைகிறது' என்ற செய்தி வந்தது. காரணம் எளிது. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் இரண்டு சிம்களுக்கும் சேர்த்து ஒரே ரேடியோதான் இருக்கிறது. இரண்டு சிம்களும் காத்திருப்பில் இருக்கலாம். ஆனால் ஒன்றில் பேசத் தொடங்கினால் மற்றதின் டேட்டா நின்றுவிடும். அதே சமயம், டேட்டா ஓடும் சிம்முக்கே வோல்டே வழியாக அழைப்பு வந்தால் பேச்சும் டேட்டாவும் ஒன்றாகவே போகும். ஆகவே, அழைப்புகள் அதிகம் வரும் சிம் ஒன்று, கேம் ஆடும் சிம் வேறொன்று என்று பிரித்துக்கொள்வதுதான் ஆட்டம் அறுபடுவதற்கான நேர்வழி. எனக்கு அதைத்தான் தீர்வு என்று விற்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சிம்களையும் இயக்கக்கூடிய விலை உயர்ந்த புதிய போன்கள் சில உண்டு. என்னுடையது அப்படிப்பட்டதல்ல என்பது போனைக் கையில் வாங்கிப் பார்த்த கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னபோது அவர் சமாளித்த விதம்தான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். "ஒரு செட்டிங் விட்டுப்போச்சு" என்று சொல்லி, என்னிடம் எதையும் விளக்காமல், `Automatic data switching` என்ற வசதியை இயக்கிக் கொடுத்துவிட்டார். டேட்டா சிம்முக்குச் சிக்னல் சரியில்லாதபோதோ, மற்ற சிம்மில் பேசும்போதோ, போன் தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி அது. கம்பெனிக்குக் கம்பெனி இதன் பெயர் சற்று மாறும். அதன் பிறகு அழைப்பு வந்தால் ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. சில விநாடிகள் தடுமாறித் தொடர்ந்தது. சிம் மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால் கேம் சர்வரோடு புதிதாக இணைய வேண்டியிருக்கிறது, அதனால்தான் அந்தத் தடுமாற்றம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நினைத்தேன்.

எங்கள் வீட்டின் உள்ளறையில் புதிய சிம்முக்கு ஒரே ஒரு கோடு சிக்னல்தான் கிடைக்கும். கடையில் முழுக் கோடுகளும் இருந்ததால் இதை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே நான் வீட்டில் இருந்த நேரத்தில் பெரும்பகுதி, போன் சத்தமில்லாமல் அலுவலக சிம்முக்கு மாறி ஓடிக்கொண்டிருந்தது. தினம் 2 ஜி.பி. தனியாக இருக்கிறது என்ற தைரியத்தில் கேமின் அப்டேட்களையும் வரைபடக் கோப்புகளையும் வீடியோக்களையும் தாராளமாக இறக்கினேன். என் போனில் ஒரு மணி நேர ஆட்டம் 50 எம்.பி. கூடத் தின்பதில்லை, டேட்டாவைத் தின்பவை ஜி.பி. கணக்கில் வரும் இந்தக் கோப்புகள்தான். ப்ளே ஸ்டோரில் 'வைஃபையில் மட்டும்' என்று வைத்திருந்தாலும், கேம் தனக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் கோப்புகளை அது தடுக்காது.

மாத முடிவில் அலுவலக எண்ணில் 57 ஜி.பி. ஓடியிருந்தது. கூடுதலான 27 ஜி.பி.க்கு ஏறக்குறைய 553 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்ந்ததும் 650 ரூபாயைத் தாண்டியது. வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் புகார் எண் வாங்கினேன். பாதி, தொண்ணூறு சதவீதம், முழு அளவு என ஒவ்வொரு கட்டத்திலும் குறுஞ்செய்தி அனுப்பியதைக் காட்டினார்கள். அவை விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் நான் திறக்காமலே கிடந்தன. அந்தத் தவறு என்னுடையது, பணத்தையும் கட்டிவிட்டேன். ஆனால் 300 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னபோது கடைக்காரர், "நீங்க கேட்டபடி கேம் நிக்காம ஓடுச்சே" என்று கையை விரித்துவிட்டார்.

உங்கள் போனிலும் இப்படி நடக்கிறதா என்று அறிய, டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தை ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். டேட்டாவுக்கு என்று குறிக்காத சிம்மின் பட்டியலில் கேமின் பெயரும் எம்.பி. கணக்கும் இருந்தால், தானாக மாறும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான் இப்போது அந்த வசதியை நிறுத்திவிட்டேன். சிக்னல் நன்றாக வரும் முன்னறையில் உட்கார்ந்து இரண்டாவது சிம்மிலேயே ஆடுகிறேன். போன் செயலியின் அமைப்புகளில் இருக்கும் கால் ஃபார்வர்டிங்கில், அலுவலக எண் தொடர்பில் இல்லாதபோது அழைப்பு என் இரண்டாவது எண்ணுக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். ஆடும் ஒரு மணி நேரம் மட்டும் முதல் சிம்மை அணைத்துவிடுவேன். அழைப்பு இரண்டாவது சிம்முக்கே வந்துவிடுவதால் டேட்டா அறுபடுவதில்லை. ஒரு குறை உண்டு: குறுஞ்செய்திகள் இப்படித் திருப்பப்படுவதில்லை, ஆகவே முதல் எண்ணுக்கு வர வேண்டிய வங்கி ஓ.டி.பி. அந்த நேரத்தில் வராது. பணம் அனுப்ப வேண்டியிருந்தால் சிம்மை இயக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கேமுக்கு என்று யாராவது சிம் விற்றால், தானாக மாறும் வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அந்தக் கடையிலேயே கேமின் பயிற்சித் திடலைத் திறந்து, வேறொரு போனிலிருந்து உங்கள் மற்ற சிம்முக்கு அழைக்கச் சொல்லி, அழைப்பை எடுத்து அரை நிமிடம் பேசியபடியே பிங் எண்ணைக் கவனியுங்கள். எண் ஏறி ஆட்டம் உறைந்தால் 'கேமிங் செட்டிங்' என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.