பாதி மூச்சில் நாணை விடுதல்: நான்கு ஆண்டு அனுபவம்

பதினாறு வயதில், வில்லிலுள்ள குறிகாட்டி இலக்கின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தைத் தொட்ட மறுகணமே என் விரல்கள் நாணை விட்டுவிடும். நான் விட நினைப்பதற்கு முன்பே அம்பு போயிருக்கும். வில்வித்தைக்காரர்கள் இதை இலக்குப் பதற்றம் என்பார்கள். வில்லை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், பயனில்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கற்றுக்கொடுத்த முறையை நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் கையாண்டு வருகிறேன்.

முதல் நாள் வில்லைத் தொடவே விடவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, நாணைப் பிடிக்கும் அதே மூன்று விரல்களால் தூக்கச் சொன்னார். “இப்போது விடு.” விரல்களைப் படாரென்று விரித்தேன். வாளி சரிந்து தண்ணீர் என் காலில் கொட்டியது. “விரலைத் திறக்காதே தம்பி. பிடித்திருப்பதை நிறுத்து, போதும். மிச்சத்தை வாளி பார்த்துக்கொள்ளும்.” ஏழெட்டு முறைக்குப் பிறகு கைப்பிடியே விரல்களை நீட்டிக்கொண்டு நழுவியது; வாளி நேராகத் தரையில் அமர்ந்தது. நாணும் அப்படித்தான் போக வேண்டும் என்றார்.

அதன்பின் மூன்று வாரம், வைக்கோல் தடுப்புக்கு மூன்றடி முன்னால் நின்று கண்களை மூடிக்கொண்டு எய்தேன். தடுப்பில் இலக்குத் தாள் கிடையாது. வில்லை உயர்த்தும்போது மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நாண் தாடைக்கடியில் வந்து பதியும்போது பாதியை வெளியே விட்டு, மீதியை இறுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பு நிறைந்திருந்தால் தோள் மேலே ஏறிவிடும், நாண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் பதியும். முழுவதும் காலியானால் அடுத்த மூச்சுக்காக உடம்பு அவசரப்படும். பாதியில் நிறுத்தினால் சில விநாடிகள் உடம்பு எதையும் கேட்பதில்லை. அந்த இடைவெளிக்குள் முதுகுத் தசைகள் இழுத்துக்கொண்டே இருக்க, விரல்கள் தளர வேண்டும்.

அவர் பக்கத்தில் நின்று மெல்ல எண்ணுவார். எட்டு வந்தும் அம்பு போகவில்லை என்றால், “இறக்கு.” இழுத்த வில்லை எய்யாமல் இறக்குவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஏழில் பதறி விட்டுவிடுவேன். ஒருநாள் இருபது முறை இழுக்க வைத்து, இருபதையும் இறக்கவைத்தார். “ஓர் அம்பாவது எய்கிறேன் சார்” என்று கெஞ்சினேன். “நாளைக்கு.” அழுகையே வந்துவிட்டது. ஆனால், இழுத்தால் விட்டே ஆக வேண்டும் என்று கைக்கு ஏறியிருந்த பழக்கம் அன்றுதான் முதன்முதலாக உடைந்தது.

அவர் நாணின் ஓசையை மட்டும் கேட்டு, “பறித்தாய்” என்பார். எனக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை. அதனால் கையைப் பார்க்கிறேன். நாண் சரியாக நழுவினால் கை பின்னோக்கிப் போய்க் காதுக்குக் கீழே கழுத்தைத் தொடும். பறித்தால் முகத்தை விட்டு வெளியே துள்ளும். வலக்கைக்காரனான எனக்கு அப்போது அம்புகள் இடப்பக்கம் கூடும்.

பழைய காணொளிகளை வைத்து நேரம் பார்த்தேன். அப்போது நாண் தாடையில் பதிந்து ஒரு விநாடிகூட நிற்கவில்லை. இப்போது பெரும்பாலும் மூன்று முதல் நான்கு விநாடி நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் இந்த முறை கைகொடுக்காது. இரண்டாம் ஆண்டில், ஆசைப்பட்டு வில்லின் இழுவிசையை 34 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 40 பவுண்டுக்கு ஏற்றினேன். எடையைத் தாங்கவே மூச்சை அடக்க வேண்டியிருந்தது, பாதி மூச்சு என்பதே இல்லாமல் போயிற்று. ஒரே வாரத்தில் பழைய பதற்றம் திரும்பியது. 34-க்கே இறங்கி, வைக்கோல் தடுப்பிலிருந்து மறுபடி தொடங்கி, இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றினேன். உடம்புக்கு மீறிய வில்லோடு இதை முயல வேண்டாம்.

காற்றடிக்கும் நாளிலும் சிக்கல் உண்டு. காற்று தணியட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றால் எட்டு விநாடிக்குப் பிறகு கை நடுங்கும், பார்வை மங்கும். சென்ற ஆண்டு, 70 மீட்டரில் ஒரு தனிநபர் ஆட்டம். மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 விநாடிதான். கடைசி அம்புக்கு நாண் பதிந்ததும் காற்று திரும்பியது. என் எண்ணிக்கை ஆறைத் தொட்டபோது இறக்கிவிட்டேன். கடிகாரத்தில் 11 விநாடி மிச்சம். ஒரு மூச்சை முழுவதும் வெளியே விட்டேன். மறுபடி வில்லை உயர்த்தினேன், இழுத்தேன், பாதியை விட்டேன். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கை கழுத்தைத் தொட்டது மட்டும் தெரிந்தது.