செட்டிநாட்டு வீடும் லிட்ரேச்சர் ரிவ்யூவும்: சாதகமான ஆய்வுகள் மட்டுமா, எதிர் ஆய்வுகளுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதும் கட்டடக்கலை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கருத்தோடுதான் தொடங்குகிறார்கள்: கனத்த சுவரும் வளவு முற்றமும் வீட்டைக் குளுமையாக வைக்கின்றன. இதற்கு லிட்ரேச்சர் ரிவ்யூ எழுத இரண்டு வழி உண்டு. இந்தக் கருத்தை ஆமோதிக்கும் ஆய்வுகளை மட்டும் அடுக்கலாம், மறுப்பவற்றையும் சேர்க்கலாம். முதல் வழியில் வேலை சீக்கிரம் முடியும், படிக்கவும் தடங்கல் இருக்காது. ஆனாலும் நான் இரண்டாவது வழியின் பக்கம்.

விடுபட்ட கட்டுரையை வைவாவில் தேர்வாளர் கேட்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. மறுக்கும் ஆய்வை எடுத்துவிட்டால், நம் கூற்று எந்த நிபந்தனையில் உண்மை என்பதும் கூடவே போய்விடும்.

சுவரையே பாருங்கள். வெளியே விழும் வெயிலின் சூடு முக்கால் அடிச் செங்கல் சுவரைக் கடந்து உள்ளே வர ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். ஒன்றரை அடிச் சுவரில் அது 12 மணி நேரத்தையும் தாண்டலாம். பிற்பகல் 2 மணிக்கு அளந்தவர் ‘வீடு குளுமை’ என்று எழுதுவார். இரவு 10 மணிக்கு, சன்னல்களைச் சாத்திய அறையில் அளந்தவர் ‘வெளியைவிட உள்ளே புழுக்கம்’ என்பார். இருவர் சொல்வதும் சரி. முற்றமும் அப்படித்தான். குறுகி உயர்ந்த முற்றத்தில் நிழல் தங்கும். அகன்று தாழ்ந்ததில் நண்பகல் வெயில் தளத்தைச் சுடவைக்கும்.

பகல் ஆய்வுகளை மட்டும் மேற்கோள் காட்டியவர், வெப்பமானியைப் பகலில் மட்டும் வைப்பார். கேள்வி பிறக்கும் இரவு நேரம் அவருடைய அளவீட்டுத் திட்டத்திலேயே இராது. ரிவ்யூவில் விட்ட குறை களப்பணியிலும் தொடர்வது இப்படித்தான். மறுப்பையும் படித்தவர் 24 மணி நேரமும் பதிவு எடுப்பார், சன்னல் திறந்திருந்ததா என்றும் குறித்துக்கொள்வார்.

எதிர் ஆய்வுகள் தாமாக வந்து சேராது. தேடும் சொல்லிலேயே நம் சார்பு ஒளிந்திருக்கும். `courtyard cooling` என்று தேடினால் குளிர்ச்சியைச் சொல்பவையே முன்னால் வரும். `courtyard overheating`, `thermal mass night discomfort` என்றும் தேட வேண்டும். பிடித்த கட்டுரைக்கு கூகுள் ஸ்காலரில் உள்ள `Cited by` பட்டியலைத் திறந்தால், அதை மறுத்து எழுதியவர்களும் அகப்படுவார்கள். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள்: ஊரின் தட்பவெப்பம், மாதம், அளந்த நேரம், சுவர்க் கனம், சன்னல் நிலை, முடிவு. முடிவுகள் எந்த நெடுவரிசையில் இரண்டாகப் பிரிகின்றனவோ, ரிவ்யூவின் வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

எதிர் ஆய்வு எல்லாவற்றுக்கும் சம இடம் தர வேண்டியதில்லை. ஒரே நாள், ஒரே அறை என்று அளந்ததை அந்தக் குறையைச் சொல்லி ஒரு வரியில் முடிக்கலாம். ஆனால் அதே அளவுகோல் நமக்குச் சாதகமான ஒருநாள் ஆய்வுக்கும் பொருந்த வேண்டும். அளவீடே இல்லாத வரலாற்று ஆய்வுகளுக்கு இந்த அட்டவணை எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். அங்கே சான்றின் வகையை ஒரு நெடுவரிசையாக வைத்துப் பார்க்கலாம்.