ஏஐ அவதாரின் பேச்சில் இடைநிறுத்தம்: முற்றுப்புள்ளியா, குறிச்சொல்லா, காட்சிப் பிரிப்பா?

ஏஐ அவதார் திரையில் தோன்றிப் பேசும் காணொளியில், குரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுத்துப்படி வழியாக மூன்று விதமாக உணர்த்தலாம். வாக்கியங்களைக் குறுக்கி, நிறுத்தும் வேலையை முற்றுப்புள்ளியிடம் விடலாம்; இயந்திரக் குரல் எப்படிப் பேச வேண்டும் என்று குறிக்க உதவும் எஸ்எஸ்எம்எல் குறிமொழியில் இடைநிறுத்தக் குறிச்சொல் இடலாம்; உரையைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்துவிடலாம். சொட்டுநீர்ப் பாசன வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கற்பிக்கும் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடுவோம். கையேட்டு நடையில் அதன் உரை இப்படி இருக்கும்:

“மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயில் அழுத்தம் இறங்கியபின் வடிகட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையை எடுத்து, அதில் படிந்த பாசியையும் மண்ணையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, மீண்டும் பொருத்த வேண்டும்.”

படிக்கும்போது இதில் குறை தெரியாது. கேட்கும்போதோ ஒவ்வொரு வினையெச்சத்திலும் குரல் முடிவுறாமல் தொங்கி நிற்கிறது. எந்தப் படியும் முடிந்ததாகக் காதுக்குத் தோன்றுவதில்லை. இயந்திரக் குரலுக்கு மூச்சு வாங்காது என்பதால், எழுதியவர் நிறுத்தாத இடத்தில் அது தானாக நிற்பதும் அரிது.

முதல் வழியில், வினையெச்சங்கள் வினைமுற்றுகளாகின்றன:

“முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு வரட்டும். பிறகு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சல்லடை இருக்கும். அதில் பாசியும் மண்ணும் படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் கழுவுங்கள்.”

முற்றுப்புள்ளிக்கு முன் குரல் இறங்கி முடிவதால் நிறுத்தம் இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் எல்லா வாக்கியங்களும் ஒரே நீளத்தில் ‘ங்கள்’ என்றே முடிந்தால் அணிவகுப்புக் கட்டளை போல ஒலிக்கும். அதனால்தான் நடுவில் இரண்டு விவரிப்பு வாக்கியங்கள் இருக்கின்றன. தேய்ப்பதும் கழுவுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதால் அங்கே மட்டும் வினையெச்சம் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. நீளத்தைச் சொற்களை எண்ணி மதிப்பிடுவதும் இங்கே உதவாது: ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் என்று கொள்ளும் வழக்கம், ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்தாது. ஓடவிட்டுக் கேட்பதுதான் வழி.

இரண்டாவது வழி துல்லியமானது. மைக்ரோசாஃப்ட் அஷூரின் பல்லவி, வள்ளுவர் ஆகிய தமிழ்க் குரல்களுக்கு, speak என்ற வெளிக் குறிச்சொல்லுக்குள் இப்படி எழுதலாம்:

```xml
<voice name="ta-IN-PallaviNeural">
முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.
<break time="900ms"/>
அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு வரட்டும்.
</voice>
```

மோட்டாரை நிறுத்தும் படி தனியாக மனத்தில் பதிய வேண்டும் என்பதால் இங்கே குறிச்சொல்லுக்கு நியாயம் உண்டு. ஆனால் பழைய நீண்ட வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, “கழற்றி” என்பதன் பின்னும் “எடுத்து” என்பதன் பின்னும் குறிச்சொல் செருகுவது பலரும் நாடும் குறுக்குவழி. அது பலன் தருவதில்லை. குறிச்சொல் மௌனத்தைத் தருகிறது, குரலின் இறக்கத்தைத் தருவதில்லை. ஆகவே பேச்சு நின்றதாகத் தோன்றாமல், ஒலி அறுந்ததாகத் தோன்றுகிறது. முற்றுப்புள்ளியின் இடைவெளியோடு குறிச்சொல்லின் இடைவெளி கூடுமா, அதற்குப் பதிலாக அமையுமா என்பதும் கருவிக்குக் கருவி வேறுபடலாம். குறிச்சொல்லையே ஏற்காத கருவிகளும் உண்டு என்பதால், முழு உரைக்கும் இடுவதற்கு முன் ஒரு பத்தியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்த வழிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. பார்ப்பவர் தம் வடிகட்டியைத் திறக்க அவகாசம் தரலாம் என்று நான்கு விநாடிகள் நிறுத்தினால், அவதார் வாய் மூடி, கண் சிமிட்டியபடி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு விநாடி வரை அது யோசிப்பது போலத் தெரிகிறது. அதைத் தாண்டினால் காணொளி உறைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது.

மூன்றாவது வழி கைகொடுப்பது அங்கேதான். “மூடியைக் கழற்றுங்கள்” என்பதோடு காட்சியை முடித்துவிட்டு, கைகள் மூடியைத் திருகும் படத்தை நான்கு விநாடிகள் காட்டி, “உள்ளே ஒரு சல்லடை இருக்கும்” என்று அடுத்த காட்சியைத் தொடங்கலாம். நீண்ட மௌனம் அப்போது குறையாகத் தெரியாது. ஒரு வரி மாறினால் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி உருவாக்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் குரல் புதிதாகத் தொடங்குவதுபோல் எழும். “அதில்”, “பிறகு” போன்ற தொடர்ச்சொற்களோடு தொடங்கும் காட்சிகளில் அந்த எழுச்சி உறுத்தும். ஆகவே வெட்டும் இடத்துக்குப் பின்வரும் முதல் வாக்கியத்தில் சுட்டுச்சொல்லை விடுத்துப் பெயரையே சொல்ல வேண்டும்: “அதைக் கழுவியபின்” என்பதைவிடச் “சல்லடையைக் கழுவியபின்” பொருந்தும்.

என் தேர்வு வரிசை இது: முதலில் வாக்கியத்தைத் திருத்துவேன், படமே பேச வேண்டிய இடங்களில் காட்சியைப் பிரிப்பேன், கண்ணை மூடிக் கேட்டபின்னும் அவசரமாக ஒலிக்கும் ஓரிரு இடங்களுக்கு மட்டும் குறிச்சொல் இடுவேன்.